கப்சாய்க்கு மினரலா, செமியா? ஒரே மாடல், இரண்டு ஆயில்

சுங்கை சிப்புட்டில் ஓடும் ஒரே மாடல் 110 சிசி கப்சாய் இரண்டுக்கு ஆயில் தேர்ந்தெடுத்த பதிவு இது. முதல் வண்டி வேலை நாளெல்லாம் ஈப்போவுக்குப் போய் வருகிறது. போக 30 கி.மீ., வர 30 கி.மீ., மாதத்தில் 26 நாள். பெரும்பாலான நேரம் நாலாவது கியர், திரும்பி வரும்போது நல்ல வெயில். இரண்டாவது வண்டி செம்பனைத் தோட்டத்தை விட்டு வெளியே வருவதே அபூர்வம். லயத்திலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து பழம் ஏற்றும் இடம், அங்கிருந்து நாற்றங்கால் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும். ஆறியபின் மறுபடி ஓடும். நாளுக்கு மொத்தமே 15 கி.மீ.

செம்மண் புழுதியில் உழைக்கிற தோட்டத்து வண்டிக்குத்தான் விலை கூடிய ஆயில் என்று தோன்றும். முடிவு நேர்மாறாக வந்தது. ஈப்போ வண்டிக்குச் செமி சிந்தடிக், தோட்டத்து வண்டிக்குச் சாதாரண மினரல். ஒரு வண்டியில் ஆயில் சூட்டாலும் கியராலும் தேய்கிறது, இன்னொன்றில் அழுக்காலும் ஈரத்தாலும் கெடுகிறது. செமிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு முதல் வகைக் கேட்டுக்குத்தான் மருந்து.

முதலில் எண்

மினரலா செமியா என்று கேட்பதற்கு முன்னால் போத்தலில் உள்ள எண்ணை முடிவு செய்ய வேண்டும். 10W-40 என்றால் முன்னால் உள்ள 10W குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. 10W ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 20W ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். விடியற்காலையிலேயே 23 டிகிரி இருக்கும் பேராக்கில் அந்தச் சோதனைக்கு வேலை இல்லை. கேமரன் மலையில் வண்டி வைத்திருப்பவருக்கும் இதே பதில்தான்.

பின்னால் உள்ள எண்தான் ஓடும் சூட்டில் ஆயிலின் கனம். 100 டிகிரியில் 30 என்பது, கனத்தின் அலகான சென்டிஸ்டோக்கில், 9.3-இலிருந்து 12.5 வரை, 40 என்பது 12.5-இலிருந்து 16.3 வரை, 50 என்பது 16.3-இலிருந்து 21.9 வரை. இந்த எல்லைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் இருக்கும் ஒரு 40 ஆயில், 110 டிகிரிக்குப் போனதும் ஏறத்தாழ 11-க்கு இறங்கிவிடும். அதாவது ஆயில் பத்து டிகிரி கூடுதலாகச் சூடானால் கனத்தில் ஒரு படி போன மாதிரி. காற்றால் குளிரும் இன்ஜினில் வெளிக்காற்று பத்து டிகிரி ஏறினால் ஆயிலும் கிட்டத்தட்ட அந்த அளவே ஏறும். தடுக்க ரேடியேட்டரோ தெர்மோஸ்டாட்டோ கிடையாது. சூடான ஊருக்கு 40 என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

ஆனால் புது வண்டிகளின் கையேட்டில் 10W-30 என்று இருந்தால் அதையும் மதிக்க வேண்டும். அந்த எண்ணோடு ஒரு வெப்பநிலைப் படமும் அச்சாகியிருக்கும். 35 டிகிரிக்கு மேலே 40-உம் அந்தப் படத்துக்குள் வந்தால், நெடுந்தூர வெயில் ஓட்டத்துக்கு 40 போடுவது கையேட்டை மீறுவது ஆகாது. படத்தில் இல்லையென்றால் 30-ஓடு நிற்பதே சரி.

"நம்ம ஊர் சூட்டுக்கு 20W-50 தானே அண்ணே?" என்று கேட்காத ஆள் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்து, நீலப் புகை லேசாகத் தெரிந்து, 1,000 கிலோமீட்டருக்கு கால் லிட்டர் ஆயில் குடிக்கிற பழைய கார்புரேட்டர் வண்டிக்கு 50 பொருந்தும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்கு அது சுமை. பம்ப் கனமான ஆயிலைத் தள்ள வேண்டும், காலையில் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டு முதல் கியர் போடும்போது வண்டி முன்னால் குதிக்கும், மேல் தலைக்கு ஆயில் ஏறச் சற்றுத் தாமதமாகும். இங்கே எடுத்துக்கொண்ட இரண்டு வண்டிகளும் புகை இல்லாதவை. கையேட்டுப் படம் 40-ஐ அனுமதிக்கிறது. ஆகவே இரண்டுக்கும் பின் எண் 40 என்று முடிவானது.

மினரலில் 10W-40 வேண்டாம்

இனி முன் எண்ணுக்கு வருவோம். குளிருக்கு அது நமக்கு வேண்டாம் என்றோம். ஆனால் வேறொரு வழியில் அது முக்கியமாகிறது. முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் உள்ள இடைவெளி கூடக்கூட, ஆயிலில் பாலிமர் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நீண்ட சங்கிலி மாதிரியான இந்தப் பொருள் சூட்டில் விரிந்து ஆயிலின் கனத்தைத் தாங்கிப் பிடிக்கும். 20W-40 மினரலுக்குக் குறைவான பாலிமர் போதும். அதே மினரலை 10W-40 ஆக்க வேண்டுமானால் லேசான அடிப்படை எண்ணெயை எடுத்து, அதில் கூடுதல் பாலிமர் போட வேண்டும்.

காரில் இது பெரிய தொல்லை இல்லை. கப்சாயில் இன்ஜின், கிளட்ச், கியர் பெட்டி மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பற்களுக்கு இடையில் நசுங்கும்போது பாலிமர் சங்கிலிகள் அறுபடும். அறுந்த சங்கிலி மறுபடி சேராது. போத்தலில் 40 என்று இருந்த ஆயில் 2,000 கி.மீ. ஓடுவதற்குள் 30-ஐ நோக்கி இறங்குவது இப்படித்தான். லேசான மினரல் எண்ணெய் சூட்டில் ஆவியாகிப் போவதும் அதிகம், ஆகவே அளவும் குறையும்.

செமியின் அடிப்படை எண்ணெயில் ஒரு பகுதி நன்றாகச் சுத்திகரித்த உயர்தர எண்ணெய். சூட்டில் அது இயல்பாகவே அவ்வளவு நீர்த்துப் போகாது. ஆகவே அதே 10W-40-ஐ எட்டக் குறைந்த பாலிமர் போதும், கியரில் அறுபடுவதற்கும் குறைவாகவே இருக்கும். இதனால் கடையில் போத்தல் எடுக்கும்போது ஒரு எளிய விதி: மினரல் வாங்கினால் 20W-40 அல்லது 15W-40, செமி வாங்கினால் 10W-40. மினரல் 10W-40 மட்டும் இந்த வேலைக்குத் தவிர்க்க வேண்டிய சேர்க்கை. மலிவாக இருப்பதாலும், எண் செமி போத்தல் மாதிரியே இருப்பதாலும் பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செமி என்றால் இத்தனை விழுக்காடு உயர்தர எண்ணெய் இருக்க வேண்டும் என்று போத்தலில் அச்சாகும் எந்தத் தரக்குறியும் வரையறுக்கவில்லை. முன்புறம் பெரிய எழுத்தில் இருக்கும் செமி என்ற சொல்லைவிடப் பின்புறம் இருக்கும் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறிப் பெட்டிதான் நமக்கு உத்தரவாதம். எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அதில் இருக்க வேண்டும். எம்பி என்றிருந்தால் அது ஆயிலில் நனையாத கிளட்ச் உள்ள ஸ்கூட்டருக்கு.

தோட்டத்து வண்டியில் ஆயில் சாவது எப்படி

மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால் அந்த நீர் ஆவியாகி பிரீதர் குழாய் வழியே வெளியேறும். சூடாகாவிட்டால் உள்ளேயே தங்கி, ஆயிலோடு கலந்து, டிப்ஸ்டிக் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நுரை மாதிரி படியும். எரியாத பெட்ரோலும் அதோடு சேரும். சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும் கார்புரேட்டர் வண்டியில் இது இன்னும் அதிகம்.

மேலும் இந்த வகை இன்ஜின்களில் காகித ஃபில்டர் கிடையாது. கீழே ஒரு கம்பி வலை, வலப்பக்கக் கவருக்குள் சுழன்று அழுக்கை ஒதுக்கும் ஒரு வட்டக் கிண்ணம், அவ்வளவுதான். கிளட்ச் தட்டின் பொடியும் கியரின் உலோகத் துகளும் நுண்ணிய கரியும் பெருமளவு ஆயிலிலேயே மிதக்கின்றன. இவற்றை வெளியேற்ற ஒரே வழி ஆயிலை இறக்குவது. 35 வெள்ளி செமியிலும் இந்த நீரும் பொடியும் அதே அளவுதான் சேரும். தோட்டத்து வண்டிக்கு வேண்டியது அடிக்கடி மாற்றக் கட்டுப்படியாகும் ஆயில். மினரல் 20W-40 அதற்குப் போதும், அதுவே பொருத்தம்.

செம்மண் புழுதி ஆயிலுக்கு வருவது காற்று ஃபில்டர் வழியாக. ஃபில்டர் விளிம்பு சரியாக உட்காராமல் இருந்தால், அந்த மண் ரிங்கையும் சிலிண்டரையும் அரம் போல அராவும். அதற்கு எந்த ஆயிலும் தீர்வாகாது. ஃபில்டர் பெட்டியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுத்தமான பக்கத்தில் சிவப்புப் பொடி ஒட்டினால் முதலில் அங்கே வேலை செய்யுங்கள்.

மாற்றிய முறை

வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டி, சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். கையைச் சுடும் அளவுக்கு வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்து வைத்து, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை 17 மி.மீ. ரிங் ஸ்பேனரால் கழற்ற வேண்டும். திறந்த வாய் ஸ்பேனர் போல்ட் தலையை உருட்டிவிடும். பத்து நிமிடம் வடியவிட்டு, சாவியை ஆஃப் செய்தபடியே கிக்கை நாலைந்து முறை மெதுவாக மிதித்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

இறக்கிய ஆயிலை அளவுக் குவளையில் ஊற்றி அளந்து எழுதி வைப்பதுதான் இந்த வேலையில் பலர் விடும் படி. 0.8 லிட்டர் ஊற்றிய வண்டியில் 0.65 இறங்கினால், 150 மில்லி எரிந்தோ கசிந்தோ போயிருக்கிறது. ஊற்றியதைவிடக் கூடுதலாக இறங்கினால் பெட்ரோலோ நீரோ கலந்திருக்கிறது. முகர்ந்தால் பெட்ரோல் தெரியும்.

போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதலில் விரலாலேயே முழுவதும் திருக வேண்டும். பாதியில் இறுகினால் மரை மாறி ஏறியிருக்கிறது, உடனே வெளியே எடுங்கள். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. தவறாக ஏறினால் தேய்வது இன்ஜின் பக்க மரைதான். கடைசி இறுக்கம் 24 நியூட்டன் மீட்டர் அளவில் இருந்தால் போதும். குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டு பலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், உடம்பு எடையைக் கொடுக்கக் கூடாது.

இந்த இன்ஜினில் டிரெயின் செய்தபின் நிரப்பும் அளவு 0.8 லிட்டர், முழுவதும் பிரித்துப் பூட்டினால் 1 லிட்டர். உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும். முதலில் 0.7 ஊற்றி, மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். இந்த மாடலில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரிந்து, குறைவாக ஊற்றிவிடுவோம். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கேடுதான்: ஆயில் நுரைக்கும், பிரீதர் வழியாக ஏறிக் காற்று ஃபில்டரை நனைக்கும்.

ஒரு லிட்டர் போத்தலில் ஒவ்வொரு முறையும் 200 மில்லி மிஞ்சும். நாலு போத்தலில் ஐந்து முறை மாற்றலாம். மிச்சத்தை இறுக மூடி, அதே ஆயிலின் அடுத்த மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெயின் அளவுக்கும் முழு அளவுக்கும் உள்ள அந்த 200 மில்லி வித்தியாசம் இன்னொன்றையும் சொல்கிறது. எத்தனை நேரம் வடியவிட்டாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பழைய ஆயில் உள்ளேயே இருக்கும். மினரலிலிருந்து செமிக்கு மாறினால் முதல் முறை 80 விழுக்காடுதான் செமி. இரண்டாவது மாற்றத்தில்தான் 96 ஆகும். செமி எப்படி இருக்கிறது என்று தீர்ப்பு சொல்ல அதுவரை பொறுக்க வேண்டும். கலப்பதால் இன்ஜினுக்குக் கேடில்லை.

காருக்கு உரிய 5W-30 மாதிரி ஆயிலைத் தெரியாமல் ஊற்றிவிட்டவர்களுக்கும் இதே கணக்குத்தான். பெட்ரோல் சேமிப்புக்காக அதில் சேர்க்கும் வழுக்குப் பொருள் கிளட்ச் தட்டுகளையும் வழுக்கச் செய்யும். நாலாவது கியரில் மேட்டில் திராட்டிலைத் திருகினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. ஒரு முறை மாற்றி "இன்னும் வழுக்குது" என்று கிளட்ச் தட்டு வாங்க ஓடாதீர்கள். எம்ஏ ஆயிலால் இரண்டு முறை, நடுவில் 100 கி.மீ. ஓட்டி மாற்றினால் பழையது 4 விழுக்காடாகக் குறையும். அதன்பிறகும் வழுக்கினால் தட்டைப் பார்க்கலாம்.

ஆயில் நீர்த்ததா என்று வீட்டில் பார்ப்பது

நிறத்தை வைத்து ஆயிலை எடைபோட முடியாது. கரியைத் தன்னுள் தாங்கி வைத்திருக்கும் நல்ல ஆயில் 500 கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கனம் இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே அளவுள்ள இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகள் போதும். பழைய மருந்துக் குப்பி நன்றாக உதவும். ஆயில் மாற்றும் நாளில் புது ஆயில் கொஞ்சம் ஒரு குப்பியில் ஊற்றி, கழுத்தில் சிறு காற்று இடைவெளி விட்டு மூடி எடுத்து வைக்க வேண்டும். ஆயிலை இறக்கும் நாளில் ஓடிய ஆயிலை அதே மட்டத்துக்கு இன்னொரு குப்பியில் ஊற்ற வேண்டும். இரண்டையும் 60, 70 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, ஒன்றாகப் பிடித்துக் கவிழ்த்தால் காற்றுக் குமிழி மேலே ஏறும். ஓடிய ஆயில் கறுப்பாக இருப்பதால் குமிழியைப் பார்க்கப் பின்னால் கைவிளக்கு வேண்டும்.

ஓடிய ஆயிலில் குமிழி தெளிவாக முந்தினால் அது நீர்த்துவிட்டது. வாசமும் இருந்தால் பெட்ரோல் கலந்தது. வாசம் இல்லாமல் நீர்த்திருந்தால் பாலிமர் அறுந்தது. பிந்தினால் ஆயில் சூட்டில் முற்றிவிட்டது, மாற்றும் இடைவெளி மிக நீண்டுவிட்டது என்று பொருள். ஒரே பிராண்டு, ஒரே எண்ணின் புதியதையும் பழையதையும் மட்டுமே இப்படி ஒப்பிட வேண்டும். 20W-40-ஐயும் 10W-40-ஐயும் எதிரெதிரே வைத்தால், புதிதாக இருக்கும்போதே இரண்டும் வேறு வேகம் காட்டும்.

வண்டியில் உட்கார்ந்தபடி தெரியும் அறிகுறி கியர். ஆயில் நீர்க்கும்போது சூடான வண்டியில் நியூட்ரல் கிடைக்காமல் திணறும், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது "டக்" என்று அடிக்கும். காலையில் சரியாக இருந்து மாலையில் மட்டும் இப்படி ஆனால் ஆயில்தான் காரணமாக இருக்கும். காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி இருந்தால் கிளட்ச் அட்ஜஸ்ட்மெண்டை முதலில் பாருங்கள்.

ஈப்போ வண்டியின் கணக்கு

60 கி.மீ. வீதம் 26 நாளுக்கு மாதம் 1,560 கி.மீ., ஆண்டுக்கு 18,720. மினரலை 2,000 கிலோமீட்டரிலும் செமியை 3,000 கிலோமீட்டரிலும் மாற்றுவது இங்குள்ள மோட்டார் கடைகளின் வழக்கம். ஃபில்டர் இல்லாத இந்த இன்ஜினுக்குச் செமியை அதற்கு மேல் இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மினரல் லிட்டர் 20 வெள்ளி, செமி 35 வெள்ளி என்று வைத்தால், மினரலில் ஆண்டுக்கு 9 முறைக்குச் சற்று மேல், ஏறத்தாழ 7.5 லிட்டர், 150 வெள்ளி. செமியில் 6 முறைக்குச் சற்று மேல், 5 லிட்டர், 175 வெள்ளி. வித்தியாசம் 25 வெள்ளி. மூன்று முறை மாற்றும் கூலியும் நேரமும் மிச்சம். 2,000-ஐத் தாண்டி ஒரு வாரம் தள்ளிப்போனாலும் ஆயில் தாங்கும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சூட்டில் ஓடும் வண்டிக்கு அந்த 25 வெள்ளி கொடுக்கத் தகும்.

தோட்டத்து வண்டி மாதம் 390 கி.மீ.தான் ஓடுகிறது. 2,000 வரும் வரை காத்திருந்தால் ஐந்து மாதம் நீரோடு கலந்த ஆயில் உள்ளே கிடக்கும். அதனால் அதற்குக் கிலோமீட்டர் பார்க்காமல் காலண்டர் வைத்தோம்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை மினரல் 20W-40. ஆண்டுக்கு நாலு முறை, 3.2 லிட்டர், 64 வெள்ளி. அதே இடைவெளியில் செமி ஊற்றினால் 112 வெள்ளி ஆகும், இறக்கும்போது அதே காப்பி நுரைதான் இருக்கும். வாரம் ஒரு முறை அந்த வண்டியை நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டினால், மூடியின் அடியில் உள்ள நுரை குறைவது கண்ணுக்கே தெரியும். நுரை குறையாமல் இருந்தாலோ, மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே இறக்க வேண்டும்.

இரண்டு வண்டிக்கும் 12,000 கிலோமீட்டரில் வலப்பக்கக் கவரைத் திறந்து, கம்பி வலையையும் சுழல் கிண்ணத்தையும் கழுவ வேண்டும். தோட்டத்து வண்டிக்கு அது இரண்டரை ஆண்டில் வரும். அதற்கு ஆண்டு எண்ணி, இரண்டு ஆண்டில் திறந்துவிடுவது நல்லது. கவர் கேஸ்கெட் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள், பழையது பெரும்பாலும் கிழிந்துதான் வரும். கிண்ணத்தின் சுவரில் கறுப்புக் களிம்பு படிந்திருப்பது இயல்பு. மின்னும் உலோகச் செதில்கள் விரலில் குத்தினால் ஆயில் தேர்வைத் தாண்டிய வேலை இருக்கிறது.

இறக்கிய ஆயில் மலேசியச் சட்டப்படி திட்டமிட்ட கழிவு, குறியீடு எஸ்டபிள்யூ 305. சாக்கடையிலோ செம்பனை அடியிலோ கொட்டாமல், காலிப் போத்தலில் மூடி, கழிவு எண்ணெய்த் தோம்பு வைத்திருக்கும் மோட்டார் கடையில் கொடுத்துவிட வேண்டும். பெட்ரோல் கலந்து இறங்கிய ஆயில் எளிதில் தீப்பிடிக்கும். அதைத் தனிப் போத்தலில் வைத்துக் கடைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள்.